ரிப்போர்ட்ல ‘ரிவர்சிபிள்’னு இருந்தா ப்ளூ பம்ப் மட்டும் போதுமா?

வாசகர் கடிதம்

வணக்கம்ங்க டாக்டர். எனக்கு வயசு 34, சேலம் சிவதாபுரம் பக்கம் வீடு. கீழ வீட்டுக்காரரோட கொலுசுப் பட்டறை, மேல நாங்க குடியிருக்கோம். நாலு வருஷமா வீசிங். டாக்டர் ரெண்டு பம்ப் குடுத்தார், ப்ளூ (சால்புடமால்) வேணும்ங்கும்போது, பிரவுன் (புடெசோனைடு 200) காலைல ராத்திரி. ப்ளூ அடிச்சா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுது. பிரவுன் நாலு நாள் அடிச்சேன், ஒண்ணுமே தெரியல, அது ஸ்டீராய்டுன்னு நாத்தனார் சொன்னதும் நிறுத்திட்டேன். ப்ளூ பம்ப் ஒண்ணு ஒன்றரை மாசம் வருது. ரொம்ப முடியலைன்னா மெடிக்கல்ல ஒரு செட் மாத்திரை வாங்கிப் போடுவேன், கேட்கும். விடியக்காலை மூணு மணிக்கு இருமல் எழுப்பி விட்டுடுது. அம்மா வீடு ஏற்காட்டுல, மார்கழில போனாலே மூச்சு முட்டுது. போன மாசம் ஊதுற டெஸ்ட் எடுத்தாங்க. 1.50 வந்துச்சு, ப்ளூ அடிச்சிட்டு ஊதினா 1.90, எனக்கு இருக்க வேண்டியது 2.55னு போட்டிருக்கு. கீழ ‘ரிவர்சிபிள்’னு எழுதியிருக்கு. அப்போ ப்ளூலயே சரியாகிற வீசிங்தானே எனக்கு? அந்த ஸ்டீராய்டு பம்ப் எதுக்குங்க? ப்ளூ அடிச்சா கை நடுங்குது, அது மட்டும்தான் தொந்தரவு.

டாக்டர் பதில்

வணக்கம்மா. நம்பரோட எழுதினதுக்கு முதல்ல நன்றி, ஏன்னா உங்க கேள்விக்கான பதில் அந்த நம்பர்லயே இருக்கு, நீங்க அதைப் படிச்ச விதம்தான் கொஞ்சம் மாறிப்போச்சு. நான் உங்களை நேர்ல பாக்கல, நெஞ்சுல ஸ்டெத் வெச்சுக் கேட்கல, அதனால இதை மருந்துச் சீட்டா எடுத்துக்காதீங்க. உங்க டாக்டர்கிட்ட போய் உக்காந்து பேசறதுக்கு உதவியா இருக்கட்டும்னு விவரமாவே எழுதறேன்.

அந்த ரிப்போர்ட் உண்மையில என்ன சொல்லுது

நல்லா மூச்சை இழுத்து ஒரே மூச்சா வேகமா ஊதும்போது முதல் ஒரு செகண்டுல எவ்வளவு காத்து வெளிய வருதுங்கறதுதான் அந்த 1.50 லிட்டர். உங்க வயசு, உயரத்துக்கு 2.55 வரணும், அப்போ 59 சதவீதம்தான் வந்திருக்கு. 60க்கு கீழ இருந்தாலே, தொந்தரவு பெருசா தெரியாதவங்களுக்குக் கூட, திடீர்னு பெரிய அட்டாக் வர வாய்ப்பு அதிகம்னு நாங்க ஜாக்கிரதையா பாப்போம்.

ப்ளூ அடிச்சு கால் மணி நேரம் கழிச்சு ஊதினதுல 1.90. அதாவது 400 மில்லி கூடியிருக்கு, 1.50க்கு அது 27 சதவீதம் கிட்ட. 200 மில்லியும் 12 சதவீதமும் ரெண்டும் தாண்டினாலே ரிவர்சிபிள்னு எழுதிடுவாங்க, நீங்க தாராளமா தாண்டிட்டீங்க. அந்த வார்த்தை அங்க எதுக்கு இருக்குன்னா, உங்க குழாய் அடைப்பு நிலையானது இல்ல, கூடிக் குறையுது, அதனால இது ஆஸ்துமாவா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்றதுக்கு. எந்த மருந்து போதும்னு சொல்றதுக்கு இல்ல.

இப்ப மிச்சத்தைப் பாருங்க. 2.55ல 1.90 போனா 650 மில்லி பாக்கி நிக்குது. ப்ளூ அதோட வேலையை முழுசா செஞ்சு முடிச்ச பிறகும் திரும்பி வராத காத்து அது. திரும்பி வந்ததை விட வராம நிக்கறதுதான் ஜாஸ்தி. ஆனா 1.50ல இருந்தவங்களுக்கு 1.90 கிடைச்சதும் அப்பாடான்னு இருக்கும், உடம்புக்கு அதுவே போதும் போலத் தோணும். நாலு வருஷமா குறைவான காத்துலயே பழகினவங்களுக்கு எது நார்மல்ங்கறதே மறந்துபோயிருக்கும். ‘சரியாயிடுது’ன்னு நீங்க எழுதினது அந்த 1.90ஐத்தான்.

அந்த 650 மில்லி எங்க போச்சுன்னு புரிஞ்சுட்டா ரெண்டு பம்ப்புக்கும் உள்ள வித்தியாசம் தானா புரிஞ்சிடும்.

குழாய்க்குள்ள நடக்கறது

ஆஸ்துமா இருக்கறவங்க மூச்சுக்குழாயை குறுக்க வெட்டி மைக்ராஸ்கோப்புல பாத்தா மூணு கோளாறு தெரியும். சுவத்தைச் சுத்தி இருக்கற தசை இறுகியிருக்கும். அந்தத் தசைக்கு உள்பக்கம் இருக்கற சவ்வு, கொசு கடிச்ச இடம் தடிக்கிற மாதிரி நீர் கோத்து தடிச்சுப் போயிருக்கும், அதுக்குள்ள ஈசினோஃபில்னு சொல்ற ரத்த அணுக்கள் வந்து கூடியிருக்கும், அலர்ஜி வந்தா ரத்தத்துல கூடுதே அதே அணுதான். நடுவுல காத்து போற வழியில பசை மாதிரி கெட்டிச் சளி ஒட்டிட்டு நிக்கும்.

இதுல முதல் கோளாறு மட்டும்தான் சால்புடமாலுக்கு வசப்படும். அந்தத் தசை செல்களுக்கு மேல பீட்டா-2ன்னு ஒரு ரிசப்டர் இருக்கு, நம்ம உடம்புல ஊறுற அட்ரினலின் வந்து உக்கார்ற இடம் அது. சால்புடமால் அங்க போய் உக்காந்ததும் தசை செல்லுக்குள்ள கால்சியம் குறையுது, கால்சியம் இல்லாம தசையால இறுக முடியாது, தளர்ந்திடும். இது முழுக்க செல்லுக்குள்ள நடக்கற ஒரு சிக்னல் வேலை, புதுசா எதையும் தயாரிக்க வேண்டியதில்ல, அதனாலதான் அஞ்சு நிமிஷத்துல பலன் தெரியுது. நாலுலேர்ந்து ஆறு மணி நேரத்துல மருந்து போயிடும், தசை திரும்ப இறுக ஆரம்பிக்கும். கை நடுக்கமும் இதே ரிசப்டரால வர்றதுதான், கை தசையிலயும் அது இருக்கு. நெஞ்சு படபடன்னு அடிக்கறதும் இதனாலதான். நடுக்கம் தானா பெரிய ஆபத்து இல்ல, ஆனா எவ்வளவு அடிக்கறீங்கன்னு அது காட்டிக் குடுக்குது.

தடிப்பையும் சளியையும் ப்ளூ பம்ப் தொடறதே இல்ல. தசை தளர்ந்து குழாய் கொஞ்சம் அகலமாகுது, ஆனா உள்ள தடிப்பு தடிப்பாவே இருக்கு, சளி அங்கேயே நிக்குது, ஈசினோஃபில் வந்துட்டே இருக்கு. ஆஸ்துமாவால இறந்தவங்களோட நுரையீரலை போஸ்ட்மார்ட்டத்துல பாத்தப்போ சின்னச் சின்னக் குழாயெல்லாம் கெட்டிச் சளியால அடைச்சுக் கிடந்ததை டாக்டர்கள் ரொம்ப காலமா எழுதி வெச்சிருக்காங்க. அந்த நிலைமையில எத்தனை பஃப் அடிச்சாலும் மருந்து போறதுக்கே வழி இருக்காது. உங்களுக்கு இன்னிக்கு அப்படி இருக்குன்னு நான் சொல்லல. ப்ளூவை மட்டுமே நம்பினவங்களுக்கு ஒரு நாள் ப்ளூ ஏன் திடீர்னு கைவிட்டுடுதுன்னு புரியணும்னு சொல்றேன்.

பிரவுன் ஏன் நாலு நாள்ல ஒண்ணும் காட்டல

புடெசோனைடு வேலை செய்யற இடமே வேற. அது செல்லுக்குள்ள போய் அங்க இருக்கற ஸ்டீராய்டு ரிசப்டரோட சேர்ந்து நேரா நியூக்ளியஸுக்குப் போகுது. வீக்கத்தை உண்டாக்கற புரதங்களை எந்த ஜீன்கள் தயாரிக்கச் சொல்லுதோ அந்த ஜீன்களை அமத்துது. புது ஈசினோஃபில்களைக் கூப்பிடற சிக்னல் குறையுது, ரத்தக்குழாய்லேர்ந்து நீர் கசியறது குறையுது, சளி சுரக்கறது குறையுது. ஆனா ஏற்கனவே வந்து உக்காந்திருக்கற அணுக்கள் செத்து வெளிய போகணும், தடிப்பு வடியணும், இருக்கற சளி கரைஞ்சு வரணும். இதுக்கெல்லாம் நாள் பிடிக்கும்.

அதனால பிரவுன் அடிச்சதும் உங்களுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது, அது தசையைத் தளர்த்தற மருந்தே இல்ல. ராத்திரி இருமல் குறையறது பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தெரிய ஆரம்பிக்கும், ஊதுற நம்பர் ஏறுறதுக்கு சில வாரம், குளிருக்கும் புகைக்கும் சட்டுனு சுருங்கற அந்தக் குணம் அடங்க மாசக்கணக்காகும். நீங்க நிறுத்தினது நாலாவது நாள், வேலை உள்ள ஆரம்பிச்சிருக்கும், வெளிய தெரியற நாள் வர்றதுக்குள்ள கைவிட்டுட்டீங்க. ப்ளூவை அளக்கற மாதிரி நிமிஷத்தை வெச்சு பிரவுனை அளந்தா அது தோத்துத்தான் போகும்.

விடியக்காலை மூணு மணி சமாச்சாரமும் இதோட சேர்ந்ததுதான். நம்ம உடம்பே கார்டிசால்னு ஒரு ஸ்டீராய்டு சுரக்குது, அது நடுராத்திரி வாக்குல ரொம்பக் குறைஞ்சு போகும், அட்ரினலினும் ராத்திரில குறையும். வீக்கத்தை அடக்கி வெச்சிருந்த கை தளர்ந்ததும் குழாய் சுருங்குது, இருமல் வருது. மூணு மணிக்கு எழுப்பி விடற இருமல்னா உள்ள வீக்கம் அடங்கவே இல்லைன்னு அர்த்தம், ராத்திரி படுக்கும்போது ரெண்டு பஃப் ப்ளூ அடிச்சு அதைத் தடுக்க முடியாது, அதோட பலன் மூணு மணிக்குள்ள பெரும்பாலும் தீர்ந்திடும்.

ஒன்றரை மாசத்துக்கு ஒரு பம்ப்

இது ‘கை நடுங்குது’ங்கறதை விட எனக்குப் பெரிய கவலை. ஒரு ப்ளூ பம்ப்புல பொதுவா 200 பஃப் இருக்கும். 45 நாள்ல தீர்ந்துபோனா ஒரு நாளைக்கு நாலுக்கு மேல, வருஷத்துக்கு எட்டு பம்ப். உலக அளவுல ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டற ஜினா அமைப்பு, வருஷத்துக்கு மூணு பம்ப்போ அதுக்கு மேலயோ ஆனாலே பெரிய அட்டாக் வர வாய்ப்பு கூடும், பன்னெண்டைத் தொட்டா உயிருக்கே ஆபத்து கூடும்னு சொல்லுது. நீங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கீங்க.

ஏன் அப்படின்னா, தினமும் அந்த ரிசப்டரைத் தட்டிட்டே இருந்தா தசை செல் தன் மேல இருக்கற ரிசப்டர்களைக் குறைச்சுக்கும், சிக்னலுக்கும் மந்தமாகும். முன்னாடி ஆறு மணி நேரம் தாங்கினது நாலாகும், நாலு மூணாகும், அதே சமயம் குழாய் தூசிக்கும் புகைக்கும் இன்னும் வேகமா சுருங்கப் பழகும். நியூசிலாந்துல 1976ல ஃபெனோடெரால்னு இதே வகையில வீரியம் அதிகமான ஒரு பம்ப் விற்பனைக்கு வந்துச்சு, அதைத் தொடர்ந்து ஆஸ்துமா சாவு கூடிச்சு, 1989ல அந்த மருந்தைக் கட்டுப்படுத்தின பிறகு குறைஞ்சுது. அந்த மருந்து வேற, உங்க சால்புடமால் வேற, ஆனா வீக்கத்தைக் கவனிக்காம தசையை மட்டும் தளர்த்திட்டே இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு டாக்டர்கள் மறக்காத பாடம் அது. 2019லேர்ந்து ஜினாவும் பெரியவங்களுக்கும் வளர்ந்த பிள்ளைங்களுக்கும் ப்ளூ மட்டும் குடுத்து ஆஸ்துமாவைப் பாக்கறதை நிறுத்தச் சொல்லிடுச்சு.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு பம்ப் ஒழுங்கா எடுத்தா தசை செல் மேல பீட்டா-2 ரிசப்டர் எண்ணிக்கை திரும்பக் கூடும். பிரவுன் எடுக்கறவங்களுக்கு ப்ளூ தேவையும் குறையும், தேவைப்படற நேரத்துல அது நல்லா கேக்கவும் கேக்கும்.

ஸ்டீராய்டு பயமும் அந்த செட் மாத்திரையும்

நாத்தனார் உங்க மேல அக்கறையாத்தான் சொல்லியிருப்பாங்க, கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு நேராவே சொல்லணும்மா. நீங்க ஸ்டீராய்டுக்குப் பயந்து பிரவுனை நிறுத்திட்டு, அதை விடப் பல மடங்கு ஸ்டீராய்டை மெடிக்கல்ல காசு குடுத்து வாங்கிப் போட்டுட்டு இருக்கீங்கன்னு நான் சந்தேகப்படறேன். வீசிங்குன்னு கேட்டா துண்டுப் பேப்பர்ல மடிச்சுத் தர்ற செட்ல பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும், பிரெட்னிசலோனோ டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ ஏதோ ஒண்ணு, கூட தியோஃபிலின் வகை மாத்திரை ஒண்ணு, அலர்ஜி மாத்திரை ஒண்ணு. ‘கேட்கும்’னு எழுதினீங்களே, அந்த சின்ன மாத்திரைதான் பெரும்பாலும் கேட்டிருக்கும். மறுநாள் பசி ஜாஸ்தியா எடுத்துச்சா, தூக்கம் வராம இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

அளவை வெச்சுப் பாப்போம். பெரிய அட்டாக்குக்கு டாக்டர் பிரெட்னிசலோன் எழுதினா ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் மாதிரி, அஞ்சு நாள் கிட்ட. பிரவுன் பம்ப் காலைல ராத்திரி ஒவ்வொரு பஃப்னா 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். எடையில நூறுல ஒரு பங்கு. புடெசோனைடு எடைக்கு எடை வீரியம் கூடின மருந்துதான், அதனால எடையை மட்டும் வெச்சு ஒப்பிடறது முழுசா சரியில்ல. ஆனா மாத்திரை ரத்தத்துல கலந்து எலும்பு, சர்க்கரை, கண்ணுன்னு உடம்பு பூரா சுத்திட்டு அப்புறம்தான் மூச்சுக்குழாய்க்கு வரும், பம்ப் மருந்து நேரா குழாய்ல போய் விழுது. தொண்டையில பட்டு வயித்துக்குள்ள போற பங்கையும் ரத்தத்துல கலக்கறதுக்கு முன்னாடியே ஈரல் சுமார் 90 சதவீதம் அழிச்சிடும். இந்த அளவுல பெரியவங்களுக்கு முகம் வீங்கறது, எலும்பு தேயறது மாதிரி பிரச்சினை வர்றது அபூர்வம். வாய்ல வெள்ளைப் படலமும் குரல் கரகரப்பும் வரலாம், அடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பிட்டா பெரும்பாலும் வராது. வருஷக்கணக்கா அதிக டோஸ் எடுக்கறவங்களுக்கு எலும்பு, கண் பக்கம் கவனிக்கணும், அதுக்குத்தான் அடங்கின பிறகு டோஸைக் குறைக்கறோம். ‘பழகிடும்’ங்கற பயமும் வேண்டாம், நிறுத்தினா திரும்ப வர்றது வீக்கம்தான், போதைக்கு ஏங்கற மாதிரி உடம்பு மருந்துக்கு ஏங்கறதில்ல.

ஸ்டீராய்டு மாத்திரை கெட்டதுன்னு நான் சொல்ல வரல, பெரிய அட்டாக்ல அது உயிரைக் காப்பாத்துது. எப்ப, எத்தனை நாள்ங்கறதை டாக்டர் எழுதணும். அந்த செட்டை இதுவரைக்கும் எத்தனை தடவை போட்டீங்கன்னு கணக்கு போட்டு உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. அடிக்கடி போட்டிருந்தா உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரக்கறதைக் குறைச்சிருக்கலாம், அதை அவர் பாக்கணும்.

உங்க முன்னாடி இருக்கற வழிகள்

ஒரு வழி, இப்ப கையில இருக்கற ரெண்டு பம்ப்பையே ஒழுங்கா எடுக்கறது, பிரவுன் தினமும், ப்ளூ முடியாதப்போ மட்டும். மருந்து நல்லதுதான். ஆனா நாலு வருஷமா உங்க கை ப்ளூவைத் தேடித்தான் போகுது, உடம்பு கொஞ்சம் தேறினதும் பிரவுன் மறந்துபோகும்னு எனக்குத் தோணுது. அது உங்க குறையில்ல, சுகம் எதுல கிடைக்குதோ அதைத்தான் யாரும் எடுப்பாங்க.

இன்னொரு வழி, உங்க விஷயத்துல நான் இதையே விரும்புவேன், புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே பம்ப். ஃபார்மோடெரால் ப்ளூ வகையைச் சேர்ந்ததுதான், சில நிமிஷத்துலயே தசையைத் தளர்த்தும், பலன் 12 மணி நேரம் கிட்ட நிக்கும். இதைத் தினமும் காலைல ராத்திரி எடுத்துட்டு, நடுவுல மூச்சு முட்டினா ப்ளூவுக்குப் பதிலா இதையே ஒரு பஃப் அடிக்கலாம். சுகத்துக்காக நீங்க பம்ப்பைத் தேடற ஒவ்வொரு தடவையும் கூடவே வீக்கத்துக்கான மருந்தும் உள்ள போயிடும், இந்த முறையோட அழகே அதுதான். தினசரி ஒரு பஃப்பா ரெண்டான்னு உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும், 59 சதவீதத்தைப் பாத்து அவர் ரெண்டுல தொடங்கினாலும் ஆச்சரியமில்ல. 200/6 அளவு பம்ப்புல பெரியவங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 12 பஃப்தான் உச்சம், அந்தப் பக்கமே போக விடாதீங்க, எட்டைத் தாண்டற நாள்லயே டாக்டரைப் பாத்துடுங்க.

ரெண்டு எச்சரிக்கை. சால்மெடெராலும் ஃப்ளூடிகாசோனும் சேர்ந்த பம்ப்பும் கடையில இருக்கு, அதை அவசரத்துக்கு அடிக்கக் கூடாது, சால்மெடெரால் வேலை செய்ய ஆரம்பிக்கவே கால் மணி நேரம் கிட்ட ஆகும். அதே மாதிரி, நீண்ட நேரம் நிக்கற தளர்த்தி மருந்தை ஸ்டீராய்டு இல்லாம தனியா ஆஸ்துமாவுக்கு எடுக்கவே கூடாது. கலரைப் பாத்து வாங்காதீங்க, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவுல மருந்து பேரைப் படிச்சுப் பாருங்க.

மாண்டெலுகாஸ்ட் மாத்திரை மட்டும் போதுமான்னு சிலர் கேப்பாங்க. அது வீக்கத்துல ஒரே ஒரு வழியை மட்டும்தான் அடைக்குது, ஸ்டீராய்டு பம்ப் அளவுக்கு வேலை செய்யாது. சிலருக்கு மனசு தடுமாற்றம், கெட்ட கனவு வரலாம்னு 2020ல அமெரிக்க மருந்துத் துறை கடுமையான எச்சரிக்கையும் போட்டிருக்கு. உங்களுக்கு அதை முதல் மருந்தா நான் யோசிக்க மாட்டேன்.

அழுத்தி அடிக்கற எந்தப் பம்ப்பானாலும் ஸ்பேசர் ஒண்ணு வாங்கிக்கோங்க, பம்ப்போட வாயில மாட்டிக்கற பிளாஸ்டிக் குடுவை அது. பம்ப்பைக் குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டு, ஸ்பேசரை வாய்ல வெச்சு ஒரே ஒரு பஃப் அழுத்தி, மெதுவா ஆழமா இழுத்து, பத்து செகண்ட் அடக்கி விடுங்க. அடுத்த பஃப்புக்குத் திரும்பக் குலுக்கணும். ரெண்டு மூணு பஃப்பை ஒண்ணா ஸ்பேசர்ல அடிச்சா மருந்து சுவத்துலயே ஒட்டிக்கும். மருந்து கேக்கலைன்னு வர்றவங்களை அடிச்சுக் காட்டச் சொன்னா, வேகமா இழுத்து எல்லாத்தையும் தொண்டையிலயே விட்டுடறாங்க, நீங்களும் டாக்டர் முன்னாடி ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க.

பட்டறையைப் பத்தி ஒரு வார்த்தை. வெங்காரம் வெச்சு பத்தவைக்கும்போது வர்ற புகை, ஆசிட்ல போட்டு எடுக்கும்போது வர்ற ஆவி, ரெண்டும் படி வழியா மேல வரும். பத்தவைக்கற மேஜை பக்கம் வெளிய காத்தை இழுக்கற ஃபேன் ஒண்ணு போடச் சொல்லுங்க, ஆசிட் பாத்திரத்தை மூடி வெச்சு மாடிப்படியை விட்டுத் தள்ளி வெக்கச் சொல்லுங்க, அந்த நேரத்துல மாடிக்கதவு சாத்தியிருக்கட்டும். ஊருக்குப் போய் நாலஞ்சு நாள் இருக்கும்போது இருமல் குறையுதா, திரும்பி வந்ததும் கூடுதான்னு குறிச்சு வைங்க, குறைஞ்சா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். எவ்வளவு நல்ல பம்ப் எடுத்தாலும் தினமும் புகை உள்ள போனா வீக்கம் அடங்காது.

ஏற்காட்டுல மூச்சு முட்டினா

1,500 மீட்டர் உயரத்துல மார்கழிக் காத்து ரொம்பக் குளிர்ந்து போயிருக்கும். குளிர்ந்த காத்துல ஈரம் குறைவு, அது உள்ள போகும்போது குழாய்ச் சவ்வுல இருக்கற ஈரத்தையும் சூட்டையும் எடுத்துக்கும், அங்க இருக்கற மாஸ்ட் செல்கள் சீண்டப்பட்டு ஹிஸ்டமின் மாதிரி ரசாயனங்களைக் கொட்டும், தசை இறுகும். வீக்கம் அடங்கின குழாய் இதைத் தாங்கும், உங்களோடது இப்போதைக்குத் தாங்காது. அதனால ஸ்டீராய்டு உள்ள பம்ப்பைத் தினமும் எடுக்க ஆரம்பிச்சு ஆறு வாரமாவது ஆன பிறகு மலைக்குப் போற மாதிரி பாத்துக்கோங்க. போனா விடியக்காலைப் பனியில நடக்கும்போது மூக்கையும் வாயையும் சால்வையால மூடிக்கோங்க, உள்ள போற காத்து கொஞ்சம் சூடாகும்.

ப்ளூ அடிச்சு நாலு மணி நேரம் கூட தாங்கலைன்னா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல முடிக்க முடியலைன்னா, மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ள போச்சுன்னா, படுக்க முடியாம உக்காந்தே இருக்கணும்னு தோணுச்சுன்னா, அது பெரிய அட்டாக். உதடு நீலமாகறது, பேச்சு குழறுறது, வீசிங் சத்தமே கேக்காம அமைதியாகறது இதை விட மோசம், சத்தம் நின்னுடுச்சேன்னு நிம்மதி ஆகிடாதீங்க. ஸ்பேசர்ல ப்ளூ நாலு பஃப், ஒவ்வொண்ணா அடிச்சுட்டே 108க்குப் போன் பண்ணச் சொல்லுங்க, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கலாம். 20 ஹேர்பின் பெண்டு இறங்கி சேலம் வர்ற வரைக்கும் காத்திருக்காம முதல்ல ஏற்காடு ஜிஹெச்சுக்கே போங்க, அங்க ஆக்சிஜனும் நெபுலைசரும் ஆரம்பிச்ச பிறகு கீழ அனுப்பலாம். ஊசியாவோ மாத்திரையாவோ குடுக்கற ஸ்டீராய்டு கூட வேலை செய்ய நாலு மணி நேரமாவது ஆகும், ஜீனைத் தொட்டு வேலை செய்யற மருந்துங்கறதால அவசரத்துலயும் அதுக்கு அதே தாமதம்தான். ராத்திரி பூரா பாத்துட்டு காலைல போகலாம்னு இருந்தா அந்த நாலு மணி நேரம் கையை விட்டுப் போயிடும்.

அடுத்த டெஸ்ட்

மருந்து ஒழுங்கா எடுத்து ரெண்டு மூணு மாசத்துல அதே ஊதுற டெஸ்ட்டைத் திரும்ப எடுங்க, தனியார்ல செலவுன்னா சேலம் ஜிஹெச்ல நெஞ்சு டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாருங்க. ப்ளூ அடிக்காமலே ஊதற நம்பர் 1.50லேர்ந்து எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க. நல்லா ஏறியிருந்தா அந்த 650 மில்லில பெரும்பங்கு வீக்கமும் சளியும்தான்னு தெரிஞ்சுடும். ஏறவே இல்லைன்னா உடனே மருந்தைக் கூட்டறதுக்கு முன்னாடி பம்ப் அடிக்கற முறை, தினமும் எடுத்தீங்களா, பட்டறைப் புகை, மூக்கு அலர்ஜி எல்லாத்தையும் டாக்டர் பாக்கணும், வருஷக்கணக்கா அடங்காத வீக்கத்தால குழாய்ச் சுவர்ல கொஞ்சம் நிரந்தரத் தடிப்பும் விழுந்திருக்கலாம், அது எவ்வளவுன்னு அப்பத்தான் சொல்ல முடியும். மூணு மாசம் ராத்திரி இருமல் இல்லாம நல்லா இருந்தா டோஸை ஒரு படி இறக்கலாம், அதுவும் அவர் சொல்லித்தான், நீங்களா நிறுத்திடாதீங்க.

டெஸ்ட்டுக்குப் போற அன்னிக்கு அதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் ப்ளூ அடிக்காம போகணும், ஃபார்மோடெரால் சேர்ந்த பம்ப்னா 24 மணி நேரம் விடச் சொல்லுவாங்க, டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கோங்க. ஆனா மூச்சு முட்டினா டெஸ்ட்டுக்காகத் தாங்கிட்டு இருக்காதீங்கம்மா, அடிச்சுட்டு, எத்தனை மணிக்கு எத்தனை பஃப்னு அங்க டெஸ்ட் எடுக்கறவங்ககிட்ட சொல்லிட்டா போதும்.